நூலக வார விழா பேனருக்கு எந்த வாசகம்?

மஞ்சக்குப்பத்தான்: நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழா. வாசகர் வட்டம் சார்பில் கடலூர் பேருந்து நிலையம் பக்கம் உறுப்பினர் சேர்க்கை பேனர் வைக்கிறோம். "கைபேசியைக் கீழே வை, புத்தகத்தைக் கையில் எடு" போதுமா?

தமிழாசிரியர்_ஓய்வு: நல்லா இருக்கு தம்பி. கை, கை என்று மோனை விழுகிறது, ஒருமுறை படித்தாலே மனதில் நிற்கும்.

பிளக்ஸ்கடை: நிற்கும் ஐயா, ஆனா எது நிற்கும்? போனை வைன்னு திட்டினதுதான் நிற்கும். அப்புறம் கீழே கியூஆர் கோடு போடுவீங்க, அதை ஸ்கேன் பண்ண அதே போனை எடுக்கணும். இன்னொன்று, 100 அடி தள்ளி நிற்கிறவருக்கு எழுத்து 10 அங்குலமாவது இருக்கணும், இது எங்க தொழில் கணக்கு. 10 அடி பேனரில் அந்த அளவில் ஒரு வரிக்குப் பத்து எழுத்து வந்தாலே பெரிசு. உங்க வாசகத்தில் 20 எழுத்து, அதிலும் கை, யை, வை, தை, மறுபடி கைன்னு அஞ்சு இடத்தில் இணைக்கொம்பு, ஒவ்வொன்றும் ரெண்டு எழுத்து இடத்தைச் சாப்பிடும்.

புதுநகர்_அம்மா: என் பையன் குரூப் 4க்குப் படிக்கிறான், வீட்டில் போன் அவனை விடுறதில்லை. நூலகத்தில் உட்கார்ந்தால்தான் படிப்பு ஓடுது. உட்கார உறுப்பினர் ஆகணுமா?

மஞ்சக்குப்பத்தான்: அக்கா, நீங்களே வாசகம் கொடுத்துட்டீங்க! "உட்கார இடம் இருக்கு."

பிளக்ஸ்கடை: எழுத்துக் கணக்கில் ஜம்முன்னு இருக்கு, ஆனா அவசரப்படாதீங்க. உள்ளே உட்கார்ந்து படிக்க யாரும் உறுப்பினர் ஆகத் தேவையில்லை, புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகத்தான் அட்டை. இந்த வாசகத்தைப் பார்த்து ஆள் வரும், விண்ணப்பம் வராது. "வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க"ன்னு போட்டு, பக்கத்தில் ஒரு புத்தகக் கட்டு படம், அடியில் சேர எவ்வளவு கட்டணும், எத்தனை மணிக்கு மூடுவாங்கன்னு போடுங்க. கேட்கிறவங்க முதலில் கேட்பது அதைத்தான்.

தமிழாசிரியர்_ஓய்வு: போனைச் சொல்லாமல் விட்டால் மளிகைக்கடை விளம்பரம் மாதிரி இருக்கும். எதிரியைப் பெயர் சொல்லித்தான் அழைக்கணும்.

பிளக்ஸ்கடை: சரி, சோதிச்சுப் பார்ப்போம். ரெண்டையும் தனித்தனித் தாளில் எழுதுங்க, டீக்கடையில் ஒரு தாளுக்குப் பத்துப் பேர்னு வெவ்வேறு ஆளிடம் மூணு விநாடி காட்டி மடக்கிடுங்க. "என்ன செய்யச் சொல்லுது?"ன்னு மட்டும் கேளுங்க, நூலகம்ங்கிற சொல்லை நீங்க வாயே திறக்கக் கூடாது.

மஞ்சக்குப்பத்தான்: கேட்டாச்சு. கைபேசி வாசகத்துக்கு ஏழு பேர் "போன் பார்க்காதேங்குது" என்றார்கள், அதில் ஒருத்தர் போனைப் பார்த்துக்கிட்டேதான் சொன்னார். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க"வுக்கு நாலு பேர் "பார்சலா?" என்று கேட்டார்கள்.

தமிழாசிரியர்_ஓய்வு: மளிகைக்கடைன்னேன், ஓட்டலே ஆயிடுச்சு.

பிளக்ஸ்கடை: தாளில் புத்தகப் படம் போட்டீங்களா?

மஞ்சக்குப்பத்தான்: இல்லை. நாளைக்குப் படத்தோட மறுபடி போறேன்.