ஆக்சுவரி தேர்வு: எனக்கு ஆன எட்டு வருஷக் கணக்கு

லீட்ஸ்வாசி: 2017-ல் இங்கிலாந்தில் கணிதப் பட்டம் முடித்து, ஒரு பென்ஷன் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தேன். காப்பீடு, பென்ஷன் போன்றவற்றின் எதிர்காலச் செலவைக் கணக்கிடுபவர்தான் ஆக்சுவரி; அவர்களுக்கான பிரிட்டிஷ் அமைப்பு ஐஎஃப்ஓஏ. அதன் தேர்வுகளில் மூன்றுக்கு எக்ஸெம்ப்ஷன், அதாவது எழுதாமலே விலக்கு, கையில் இருந்தது: நிதிக் கணிதமான சிடி1, புள்ளியியலான சிடி3, அப்புறம் எகனாமிக்ஸ். வருஷத்துக்கு இரண்டு சிட்டிங், ஏப்ரலும் செப்டம்பரும். ஐந்து வருஷத்தில் ஃபெல்லோ, அதாவது முழுத் தகுதி பெற்ற ஆக்சுவரி, ஆகிவிடலாம் என்று ஒரு எக்செல் ஷீட்டே போட்டு வைத்திருந்தேன்.

2019-ல் பாடத்திட்டம் மாறியது. சிடி1-ம், ஆயுள் காப்பீட்டுக் கணிதமான சிடி5-ம் சேர்ந்து சிஎம்1 என்ற ஒரே தேர்வு ஆயிற்று. இரண்டும் இருந்தால்தான் சிஎம்1 கிடைக்கும், ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் இல்லை. சிடி5-ஐ 2018-ல் இரண்டு முறை எழுதினேன். கடைசி சிட்டிங்கில் மூன்று மார்க்கில் போயிற்று, அதோடு சிடி1-ம் போயிற்று. மூன்று விலக்கு இரண்டாகச் சுருங்கியது. புதிய திட்டத்தின் மொத்தம் 13 தேர்வில் பாக்கி 11.

சிடி3 மட்டும் சுளையாக சிஎஸ்1 ஆக மாறியது. சந்தோஷப்பட்டேன். ஆனால் புதிய சிஎஸ்1-ல் ஆர் என்ற நிரல் மொழியில் ஒரு கணினித் தாள் உண்டு, விலக்கு இருந்ததால் நான் அதைத் தொடவே இல்லை. நான் பட்டத்தில் படித்த புள்ளியியல் முழுக்க பேப்பர், பேனா, அட்டவணைதான். 2019 செப்டம்பரில் அடுத்த புள்ளியியல் தேர்வான சிஎஸ்2-ன் கணினித் தாளில் உட்கார்ந்து `read.csv` அடித்தால் `cannot open file` என்று வருகிறது. ஃபைல் இருக்கும் ஃபோல்டரை `setwd` வைத்துச் சொல்ல வேண்டும் என்பதே தெரியாமல் கால் மணி நேரம் போனது. மொத்த மார்க்கில் அந்தத் தாளின் பங்கு 30 சதவீதம், எழுத்துத் தாளின் பங்கு 70. இரண்டையும் கூட்டித்தான் பாஸ் என்பதால், எழுத்துத் தாளில் நன்றாகச் செய்தும் ஃபெயில். விலக்கு வாங்கிய சிஎஸ்1 பாடத்தையே, அடுத்த ஆறு மாதம் ஆரம்பத்திலிருந்து படித்தேன்.

2025 ஏப்ரலில் கடைசித் தேர்வான எஸ்ஏ4 என்ற பென்ஷன் தாளை எழுதி முடித்தேன். வேலையில் சேர்ந்ததிலிருந்து ஏறக்குறைய எட்டு வருஷம். நடுவே நான்கு முறை ஃபெயில், கோவிட் வருஷத்தில் ஒரு சிட்டிங் எழுதவே இல்லை.

கார்த்திகைப்பூ: பட்டத்தில் 60 சதவீதம் எடுத்தால் எல்லாத்துக்கும் விலக்கு கிடைக்குமே? என் தோழிக்கு அப்படித்தான் கிடைத்தது.

பழையதாள்: அப்படி ஒரே கோடு கிடையாது. தோழி படித்தது ஐஎஃப்ஓஏ அங்கீகாரம் பெற்ற படிப்பாக இருக்கும். அங்கேயும் ஒவ்வொரு தேர்வுக்கும் இன்னின்ன பாடங்கள் என்று இணைத்திருப்பார்கள், அந்தப் பாடங்களில் எடுத்த மார்க்கைத்தான் பார்ப்பார்கள். பட்டத்தின் மொத்த சராசரி எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்தப் பாடங்களில் ஒன்று சறுக்கினால் அந்த விலக்கு போகலாம். அங்கீகாரம் இல்லாத படிப்பென்றால் பாடத்திட்டமும் மார்க் ஷீட்டும் அனுப்பித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கிடைத்தாலும் ஒவ்வொரு விலக்குக்கும் கட்டணம் உண்டு. முதலாளி கட்டுவாரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னைசிஏ: நான் சிஏ. ஏசெட் எழுதாமல் நேரடியாகச் சேர முடியுமா சார்?

பழையதாள்: தம்பி, ஏசெட் இந்திய நிறுவனத்துக்கான நுழைவுத் தேர்வு. இங்கே பேச்சு லண்டன் பக்கம். அவர்கள் விதி வேறு, அங்கேயே கேளுங்கள்.

மான்செஸ்டர்மழை: எனக்கு நேர் எதிர் கதை. ஆக்சுவேரியல் சயின்ஸ் பட்டம், ஆறு விலக்கு, சிஎஸ் இரண்டு, சிஎம் இரண்டு என்ற நான்கும் சேர்த்து. 2021-ல் வேலைக்கு வந்தபோது பாக்கி ஏழுதான். ஆனால் நான் எழுதிய முதல் பெரிய தேர்வே ஆக்சுவேரியல் பிராக்டிஸ் தாள். ஒரு கம்பெனியின் நிலவரத்தைக் கொடுத்து, என்னென்ன கவனிப்பாய் என்று கேட்பார்கள். நான் ஒரு பாயிண்டைப் பத்தி பத்தியாக நீட்டினேன். பரீட்சகருக்கு வேண்டியது பல பாயிண்ட், ஒவ்வொன்றும் அந்தக் கம்பெனியோடு ஒட்டி. மூன்றாவது முறைதான் பாஸ், ஒன்றரை வருஷம். விலக்கு வாங்கிய ஆரம்பத் தேர்வுகளில் இரண்டு தாளாவது எழுதியிருந்தால், வேலையோடு படிப்பது எப்படி என்று முன்னமே பழகியிருப்பேன்.

லீட்ஸ்வாசி: அதற்காக விலக்கை வேண்டாம் என்பீர்களா?

மான்செஸ்டர்மழை: ஐயோ, மாட்டேன். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து சிஎஸ்2 படித்த என் டீம் ஆட்களைப் பார்த்தேனே. ஆனால் விலக்கை நான்கு, ஆறு என்று எண்ணி இரண்டால் வகுத்து வருஷம் போடாதீர்கள். ஒரு சிட்டிங்கில் ஃபெயில் என்றால் ஆறு மாதம் போச்சு, ரிசல்ட் வரும்போது அடுத்ததற்குப் பாதி நேரம் போயிருக்கும்.

பழையதாள்: ஃபெல்லோவுக்கு மூன்று வருஷ வேலை அனுபவமும் பதிவாகி இருக்க வேண்டும். அதனால் எத்தனை விலக்கு இருந்தாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது. நான் பார்த்தவர்களில் சீக்கிரம் முடித்தவர் ஒரு சிட்டிங்கில் இரண்டு தாள் எழுதியவர். பென்ஷன் வேலையில், வருஷ முடிவு மதிப்பீடு நெருக்கும் மாதங்களில் அப்படிச் செய்யலாமா என்றால் எனக்குச் சந்தேகம்தான்.

கார்த்திகைப்பூ: அப்போ தோழி படித்த காலேஜ்லயே சேரட்டுமா?

லீட்ஸ்வாசி: சேருவதற்கு முன் அவளிடம் ஒன்று கேளுங்கள்: அந்தப் படிப்பில் ஆர் எந்த வருஷம் சொல்லித் தருகிறார்கள்?