சீட்டு எடுத்தவர் நின்றுவிட்டால் எதைச் சொல்லிக் கட்டவைப்பது?

மாடிவீடு:
எங்கள் தெருவில் பத்துப் பெண்கள் சேர்ந்து, மாதம் 2,000 ரூபாய் வீதம் குலுக்கல் சீட்டு போடப் போகிறோம். என்னை நடத்தச் சொல்கிறார்கள். முதலில் எடுத்தவர் பிறகு கட்டாமல் நின்றால், "அடுத்த சீட்டில் சேர்க்க மாட்டோம்" என்று சொல்வது போதுமா?

பழைய காசாளர்:
எடுத்து நடத்தாதீர்கள் அம்மா. முப்பது ஆண்டுகள் வங்கியில் இருந்தவன் சொல்கிறேன். கடைசிச் சீட்டு எடுப்பவர் பத்து மாதம் கட்டி, தான் கட்டிய 20,000 ரூபாயைத்தான் திரும்ப வாங்குகிறார். தொடர்வைப்புக் கணக்கில் போட்டிருந்தால் வட்டியாவது கிடைத்திருக்கும். அவருக்கு லாபம் ஒன்றுமில்லை, நடுவில் யாராவது நின்றுவிட்டால் நஷ்டம் மட்டும் உண்டு. கணக்குத் தெரிந்தவர் எவரும் கடைசி ஆளாகச் சேர மாட்டார். பதிவு செய்யாத சீட்டு சட்டவிரோதம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கீரைத்தோட்டம்:
ஐயா சொல்வது சரி. நான் தீபாவளிச் சீட்டில் மாதம் 500 ரூபாய் வீதம் பதினொரு மாதம் கட்டினேன். பாத்திரமும் இனிப்பும் தருவதாகச் சொன்னவர் ஐப்பசி பிறந்ததும் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். என் மகளுக்கு அந்த ஆண்டு புதுத்துணி எடுக்க முடியவில்லை. இன்றுவரை அந்த வீட்டு வாசலைக் கடக்கும்போது வயிறு எரிகிறது.

சுவடி:
கீரைத்தோட்டம் அக்கா, உங்களுக்கு நடந்தது கொடுமை. ஆனால் அது வேறு வகை. அங்கே எல்லார் பணமும் ஆண்டு முழுக்க ஒருவர் கையில் குவிந்தது, ஓடியவரும் அவரே. மாடிவீடு கேட்கும் சீட்டில் பணம் எவர் கையிலும் தங்குவதில்லை. அன்று மாலை வசூல், அன்றே ஒருவருக்குப் போய்விடுகிறது. இங்கே பயப்பட வேண்டியது எடுத்த உறுப்பினரைக் குறித்து.

கேள்விக்கு வருகிறேன். "அடுத்த சீட்டில் சேர்க்க மாட்டோம்" என்பது மட்டும் போதாது. ஏன் என்று ஒருவரை வைத்துப் பாருங்கள். முதல் மாதம் எடுப்பவர் தன் 2,000 ரூபாயையும் போட்டு 20,000 ரூபாய் வாங்கிக்கொள்கிறார். இன்னும் ஒன்பது மாதம், 18,000 ரூபாய் கட்ட வேண்டும். அவர் நின்றுவிட்டு, அந்த 2,000 ரூபாயை மாதந்தோறும் வீட்டு உண்டியலில் போடுகிறார் என்று வையுங்கள். பத்தாம் மாதம் முடியும்போது 18,000 ரூபாய் சேர்ந்திருக்கும். பதினோராம் மாதத்துத் தவணையையும் போட்டால் 20,000 ரூபாய். அடுத்த சுற்றிலும் முதல் சீட்டு அவருக்கே விழுந்திருந்தால், அதே பதினோராம் மாதத்தில் அதே 20,000 ரூபாய்தான் கிடைத்திருக்கும். உங்கள் சீட்டை விட்டு விலக்கப்பட்டதால் அவர் எதையும் இழக்கவில்லை. அடுத்த சுற்றுக்காக யாருக்கும் கடன்படாமலும் இருக்கிறார்.

பாத்திரக்கடை:
தம்பி, பதினான்கு ஆண்டுகளாகச் சீட்டு நடத்துகிறேன். மாதம் பத்தாம் தேதி மாலை ஆறு மணிக்கு என் கூடத்தில் பாய் விரித்து, நீலநிற நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கையெழுத்து வாங்குவேன். பணத்தை எல்லார் கண்ணெதிரிலும் இரண்டு முறை எண்ணுவோம். நீங்கள் சொல்லும் உண்டியல் கணக்கு எங்கள் தெருவில் நடக்காது. வீட்டில் 2,000 ரூபாய் இருந்தால் பத்து நாள் தாங்குமா? கணவர் கேட்பார், நாத்தனார் கைமாற்றுக் கேட்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். "சீட்டுக்காரி வாசலில் நிற்கிறாள்" என்று சொன்னால்தான் அந்தப் பணம் தப்பிக்கும்.

சுவடி:
அக்கா, நான் சொல்ல வந்ததன் மறுபாதி இதுதான். உண்டியல் தாங்காத வீட்டுக்குத்தான் விலக்கிவைத்தல் உண்மையில் வலிக்கும். தனியாகச் சேர்க்க முடிந்தவருக்கு அது பயமே இல்லை.

காசாளர் ஐயாவுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. கடைசி ஆள் வட்டியை இழப்பது உண்மை. அவர் அந்த வட்டியைக் கொடுத்து வாங்குவது ஒரு கட்டாயத்தை. தொடர்வைப்பில் ஒரு மாதம் தவறினால் கேட்க ஆளில்லை. இங்கே ஒன்பது பேர் கேட்பார்கள். நைரோபியின் கிபேரா குடியிருப்பில் ஆண்டர்சன், பலாண் என்ற இரு பொருளியலாளர்கள் இத்தகைய குழுக்களை ஆராய்ந்து 2002இல் எழுதினார்கள். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கணவரோடு வாழும், சொந்த வருமானமுள்ள பெண்களே அதிகம் சேர்கிறார்கள் என்றும், சேமிப்பைக் கணவர் கைக்கு எட்டாமல் வைப்பதே முக்கியக் காரணம் என்றும் கண்டார்கள்.

பழைய காசாளர்:
ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் தானாகச் சேர்க்க முடிந்த ஒருத்தி உள்ளே வந்து முதல் சீட்டை எடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? நீங்கள் சொன்ன கணக்கின்படி அவள்தான் ஆபத்தானவள். வசதியான முகத்தைப் பார்த்து முதலில் கொடுத்துவிடுவார்கள்.

பாத்திரக்கடை:
அதற்குத்தான் வரிசை. புதிதாக வருபவருக்குக் கடைசி மூன்று சீட்டுகளில் ஒன்று. ஒரு சுற்று முழுதும் ஒழுங்காகக் கட்டினால் அடுத்ததில் முன்னுக்கு வரலாம். வாடகைக்கு இருப்பவருக்கு ஜாமீனாகச் சொந்த வீட்டுக்காரி ஒருத்தி கையெழுத்துப் போட வேண்டும். ஏலச்சீட்டு பக்கம் நான் போவதில்லை. ஒருமுறை இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், ஒரு லட்சம் சீட்டு. இரண்டாம் மாதமே ஒருவர் 30,000 ரூபாய் தள்ளி எடுத்தார். அவசரம் பாவம் என்று நினைத்தேன். நான்காம் மாதம் நின்றுவிட்டார். கட்டும் எண்ணமே இல்லாதவருக்கு எவ்வளவு தள்ளினால் என்ன? மீதித் தவணைகளை என் நகையை வைத்துக் கட்டினேன்.

சுவடி:
ஏலத்தில் ஆழமாகத் தள்ளுபவர் மிகவும் தேவைப்பட்டவராகவும் இருக்கலாம், ஏமாற்ற வந்தவராகவும் இருக்கலாம். தொகையைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. உங்கள் வரிசை அதைச் சரிசெய்கிறது.

மாடிவீடு, ஒரு சட்ட விவரம். 1982ஆம் ஆண்டுச் சிட் ஃபண்டு சட்டத்தின் வரையறையில் குலுக்கலும் ஏலமும் வரும். எல்லோரும் முறைவைத்து முழுத்தொகையையும் பெற்று, மீதித் தவணைகளையும் கட்டும் ஏற்பாட்டை அதே சட்டம் சீட்டு என்று கொள்வதில்லை. அதனாலும் வரிசை நல்லது.

ஆனால் ஒரு குறையும் உண்டு. வரிசை முதலிலேயே தெரிந்துவிட்டால், பத்தாம் இடத்தில் இருப்பவருக்கு நான்காம் மாதமே கை தளரும். மாதாமாதம் குலுக்கினால் எல்லாருக்கும் "இம்முறை நமக்கு விழலாம்" என்ற நினைப்பு இருக்கும்.

பாத்திரக்கடை:
கை தளர்ந்து விலகுபவர் யாருடைய பணத்தையும் எடுத்துப்போவதில்லை. அவர் கட்டியதைச் சுற்று முடிந்ததும் திருப்பிக் கொடுக்கலாம். எடுத்துவிட்டு நிற்பவரோடு அவரைச் சேர்க்காதீர்கள்.

சுவடி:
அவர் விலகினால் அடுத்தவர் வாங்குவது 18,000 ரூபாய்தானே அக்கா? அந்த 2,000 ரூபாயை யார் போடுவது?

கீரைத்தோட்டம்:
எனக்கு ஒன்று புரியவில்லை. வேலை போய், உண்மையிலேயே கட்ட முடியாதவளைத் தெருவே சேர்ந்து வாசலில் நின்று கேட்பதா? என் தங்கைக்கு அது நடந்தது. சீட்டுக் கடன் அடைந்துவிட்டது. ஆனால் அவள் அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

பாத்திரக்கடை:
அது எனக்கும் தீராத கேள்வி. இரண்டு மாதம் பொறுத்து, பிறகு பாதித் தவணையாக வாங்கியிருக்கிறேன். அப்படிப் பொறுத்த சுற்றில் இன்னொருத்தி, "அவளுக்கு மட்டும் ஏன் சலுகை" என்று தானும் நிறுத்தினாள்.

மாடிவீடு:
எல்லாருக்கும் நன்றி. குலுக்கலை விட்டு வரிசை வைக்கிறேன். முதல் சீட்டை நான் எடுத்து, அந்த 20,000 ரூபாயைச் சுற்று முடியும்வரை தொடாமல் வைத்திருப்பேன். யாராவது தவறினால் அதிலிருந்து போட்டு நிரப்பலாம். ஆனால் எதிர்வீட்டுப் பெண் ஜூன் மாதம் பள்ளிக்கட்டணத்துக்காக முதல் சீட்டைக் கேட்டிருந்தாள். அவள் கணவரைத் தெருவே அறியும். இரண்டாம் சீட்டைத் தருகிறேன் என்றால் அது ஜூலையில்தான் வரும்.

பாத்திரக்கடை:
அவள் பெயரில் பள்ளிக்கே நேராகக் கட்டிவிடலாமா என்று கேட்டுப் பாருங்கள். ஜாமீனுக்கு அவள் அம்மாவைக் கூப்பிடுங்கள், கணவரை வேண்டாம்.