தலைவாசல் பூட்டு பழுது: வீட்டுக்காரருக்குக் கடிதத்தில் இதை எழுதலாமா?

சேலம் அம்மாப்பேட்டையில் வாடகை வீடு. பத்து நாளாக வாசல் கதவுப் பூட்டில் சாவி சும்மா சுற்றுகிறது, நாக்கு நகரவே இல்லை. எண்ணெய் விட்டேன், மாற்றுச் சாவியும் போட்டேன். பூட்டுக்காரர் கழற்றிக் காட்டியபோது உள்ளே ஸ்பிரிங் இரண்டாக முறிந்து கிடந்தது. பழசாகித் தேய்ந்ததுதான், முழுதாக மாற்ற 1,800 ரூபாய் என்றார். பகலில் அம்மா தனியாக இருக்கிறார், அதுதான் பயம்.

வீட்டுக்காரர் ஏற்காட்டில். மூன்று முறை போன் செய்தும் பார்க்கலாம் என்கிறார்.

2017 தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால் பூட்டு மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. ஆனால் எங்கள் ஒப்பந்தத்தில் கதவுப் பழுது உரிமையாளருடையது என்று ஒரு வரி இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு, படமும் வைத்து, ஏழு நாளில் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் நானே மாற்றி ரசீது அனுப்புகிறேன், பணத்தைத் தாருங்கள் என்று எழுதி வைத்திருக்கிறேன். தராவிட்டால் அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்வேன் என்றும் அதிலேயே எழுதலாமா?