கலைச்சொல்: பாம்புக்குக் கால் வரைவதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மீனா:
வணக்கம். சீன நிறுவனம் ஒன்றின் கூட்டக் குறிப்பைத் தமிழாக்குகிறேன். கைப்பேசி சார்ஜரின் வடிவமைப்பு முடிந்து, சோதனையும் தேறிவிட்டது. அப்போது ஒருவர் அதில் வெப்பநிலை காட்டும் சின்னத் திரையும் வைக்கலாம் என்கிறார். மேலாளர் "ஹுவா ஷ தியென் ட்சு" என்று பேச்சை முடித்துவிடுகிறார். பாம்பை வரைந்து கால் சேர்ப்பது என்று பொருளாம். 'பாம்புக்கால்' என்று வைக்கலாமா?

ராகவன்:
கன்பூசியஸ் சொன்ன நீதிதானே இது? 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்று போட்டுவிடுங்கள்.

சுகந்தி:
மிஞ்சுவதும் குறைவதும் ஒன்றே என்று கன்பூசியஸ் சொன்னது உண்டு ஐயா, ஆனால் அது வேறு தொடர். பாம்புக் கதை 'ஜான்குவோ ஸ' என்ற பழைய தொகுப்பில் வருகிறது. சூ நாட்டுத் தளபதி சாவோ யாங், வேய் நாட்டின் எட்டு நகரங்களைப் பிடித்த கையோடு சீ நாட்டின்மேல் படையெடுக்கப் பார்க்கிறான். சீ நாட்டுக்காகப் பேச வந்த சென் ஜென் அவனிடம் சொன்ன கதை இது. ஒரு வீட்டுப் பணியாட்களுக்கு ஒரு கிண்ணம் மது கிடைத்தது. எல்லோருக்கும் போதாது, தரையில் முதலில் பாம்பு வரைபவன் குடிக்கட்டும் என்றார்கள். முதலில் முடித்தவன் இடக்கையில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, "காலும் போடுவேன்" என்று வலக்கையால் வரைந்தான். அதற்குள் இன்னொருவன் முடித்து, "பாம்புக்கு ஏது கால்?" என்று கிண்ணத்தைப் பிடுங்கிக் குடித்துவிட்டான். இனி வென்றாலும் உனக்கு மேற்கொண்டு பதவி இல்லை, தோற்றால் உள்ளதும் போகும் என்பதுதான் சென் ஜென் சொல்ல வந்தது. தளபதி படையைத் திருப்பிக்கொண்டு போனான்.

ஆக, அளவு மீறியதைவிட, முடிந்த வேலையில் கை வைத்ததுதான் இங்கே குற்றம்.

செல்வம்:
எங்கள் செயலியிலும் இதே கூத்துதான். மாதம் ஒரு பட்டன் ஏறிக்கொண்டே போகிறது. வாடிக்கையாளரிடம் இதை எப்படித் தடுப்பது?

சுகந்தி:
அது கொஞ்சம் கொஞ்சமாக வீங்குவது, இதில் சேராது. மீனா, 'பாம்புக்கால்' வேண்டாம். 'பாம்பின் கால் பாம்பறியும்' என்று வளர்ந்தவர்கள் நாம், கால் இருப்பதாகவே படிப்போம். முடிந்தபின் சேர்க்கும் மிகை என்ற பொருளில் 'பின்மிகை' சரிவருமா? இன்னொன்று, மேலாளர் கீழே உள்ளவரிடம் சொன்னதால் கூட்டத்தில் செல்லுபடியானது. மேலிடத்தாரின் யோசனையை எல்லோர் முன்னும் இப்படிச் சொன்னால் முகம் சிவக்கும். தன்னையே குறித்தும் சொல்வார்கள்: எல்லோரும் பேசி முடித்தபின், "நான் வேறு பாம்புக்குக் கால் வரைய வேண்டாம்" என்று பணிவாக உட்கார்ந்துவிடுவார்கள்.

ராகவன்:
'பின்மிகை' காதில் ஒட்டவில்லை அம்மா. நன்னூல் பத்துக் குற்றத்தில் 'மிகைபடக் கூறல்' இருக்கிறதே?

மீனா:
அது நூல் எழுதுவதில் வரும் குற்றம் ஐயா, சார்ஜர் திரைக்கு எப்படிப் பொருந்தும்? இப்போதைக்குக் குறிப்பில் "முடிந்ததில் கை வைக்க வேண்டாம் என்று மேலாளர் மறுத்தார்" என்று எழுதிவிடுகிறேன். சொற்பட்டியலில் 'பின்மிகை' கேள்விக்குறியோடு இருக்கட்டும். தன்னைக் குறித்துப் பணிவாகச் சொல்லும் இடத்துக்கு அது ஒத்துவராது என்று தோன்றுகிறது. அதற்கு யாராவது வேறு சொல் தாருங்கள்.