ஹாலஜன் மானியும் ஓவனும் ஒத்துப்போகவில்லை

பால்பவுடரை ஓவனில் 102 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்தினால் ஈரப்பதம் 3.6%. அதே பவுடர் ஹாலஜன் ஈரப்பதமானியில் 130 டிகிரியில் 5.1% காட்டுகிறது. மூன்று வாரமாக இதே கதை. 1 மில்லிகிராம் வரை காட்டும் கருவி, தட்டில் 3 கிராம். 50 வினாடியில் 1 மில்லிகிராமுக்கும் குறைவாக எடை இறங்கினால் தானாக நிற்கும்.

முதலில் கருவி மேல்தான் சந்தேகம். சோடியம் டார்ட்ரேட் டைஹைட்ரேட்டை 150 டிகிரியில் ஓட்டிப் பார்த்தேன், 15.6% வந்தது. அதிலுள்ள தண்ணீர் கணக்குப்படி 15.66%, ஆக கருவி சரி. ஆனால் பால்பவுடர் தட்டைத் திறந்தால் ஓரமெல்லாம் பழுப்பு, கருகிய வாடை. தண்ணீரோடு பவுடரும் சிதைகிறது போலும். சரியென்று 105க்கு இறக்கினால் சீக்கிரமே நின்று 3.0% தருகிறது.

105இலேயே வைத்து நிறுத்தும் வரம்பை 100 வினாடிக்கு 1 மில்லிகிராம் என்று இறுக்குவதா, இல்லை பவுடரை இன்னும் மெல்லிதாகப் பரப்பி 115 டிகிரியில் முயல்வதா?