தோழியின் ஊசல் அறிக்கைக்குக் கருத்து எழுத வேண்டும், வரைபில் எங்கோ பிழை. உதவுங்கள்

கோண்டாவில்_மாணவி, இரவு 7:42
கம்பஸ் முதலாம் வருடம். வகுப்பில் ஒருவரின் வரைவு அறிக்கையை இன்னொருவர் படித்துக் கருத்து எழுதவேண்டும் என்று சேர் சொல்லியிருக்கிறார். அட்டவணையும் வரைபும் தெளிவாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கச் சொன்னார். எனக்குக் கிடைத்தது என் தோழியின் அறிக்கை. வரைபு நேர்கோடாக வரவேண்டும், ஆனால் இடையில் முறிந்திருக்கிறது. விடையும் சரியில்லை. அவளுடைய மனம் நோகாமல் என்ன எழுதலாம்? நாளை காலை 8 மணிக்குக் கொடுக்கவேண்டும்.

சுன்னாகம்_தம்பி, 7:50
அக்கா, என்ன பரிசோதனை? எதற்கு எதிராக எதை வரைந்திருக்கிறா?

பழைய_ஆய்வுகூடம், 7:58
தலைப்பில் ஊசல் என்று இருக்கிறது, தம்பி. தங்கச்சி, விடை என்ன வந்தது? கையால் வரைந்ததா, கணினியிலா? அட்டவணையை அப்படியே இங்கே போடுங்கள். எண்களைப் பார்க்காமல் ஒன்றும் சொல்லமுடியாது.

வடமராட்சி_மூத்தவர், 8:05
நீளம் அளந்ததில்தான் பிழை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் நூலை மட்டும் அளந்துவிட்டு ஊசற்குண்டின் ஆரையை விட்டுவிடுகிறார்கள். உயர்தரத்திலேயே படித்திருக்கவேண்டிய விஷயம். 30 வருடம் செய்முறை நடத்தியவன் சொல்கிறேன். நீளத்தைத் திரும்ப அளக்கச் சொல்லுங்கள், எல்லாம் சரிவரும்.

மருதனார்மடம்_கெமி, 8:11
எனக்கும் இப்படித்தான் நடந்தது. நியமிப்பில் முதல் எடுத்த பரும்படி வாசிப்பையும் சராசரியில் சேர்த்துவிட்டேன், புள்ளிகளை வெட்டிவிட்டார்கள். உங்கள் அறிக்கையில் அதையும் ஒருமுறை பாருங்கள்.

கோண்டாவில்_மாணவி, 8:19
என்னுடைய அறிக்கை இல்லை அண்ணா, தோழியுடையது. எக்செலில் வரைந்திருக்கிறாள், T² எதிர் நீளம். அவளுடைய அட்டவணை இப்படித்தான் இருக்கிறது:

```
நீளம்   20 அலைவு   T       T²
30      22.1       1.105   1.221025
40      25.4       1.27    1.6129
50      28.5       1.425   2.030625
70      33.6       1.68    2.8224
90      38.2       1.91    3.6481
```

வரைபின் மேல் `y = 0.6064x + 0.4479` என்று இருக்கிறது. g = 65.1 என்று எழுதி, காற்றுத் தடையால் வந்த வழு என்று காரணம் சொல்லியிருக்கிறாள்.

பழைய_ஆய்வுகூடம், 8:34
நன்றி, இனிப் பேசலாம். அளவீடுகள் நல்லவை. முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் மட்டும் எடுத்துப் பாருங்கள். T² 1.221இலிருந்து 3.648க்குப் போகிறது, கூடியது 2.427. நீளம் கூடியது 0.60 மீற்றர். படித்திறன் 4.045. g = 4π²/படித்திறன், அதாவது 9.76. பிள்ளை கவனமாகத்தான் அலைவுகளை எண்ணியிருக்கிறா.

அப்படியானால் 65 எங்கிருந்து வந்தது? அதே 2.427ஐ 4ஆல் வகுத்துப் பாருங்கள். 0.607 வரும், வரைபில் இருக்கிற எண்ணுக்குக் கிட்ட. எக்செலில் `Line` என்ற வகையைத் தெரிந்தெடுத்திருக்கிறா. அந்த வகை கிடையச்சில் இருக்கிற 30, 40, 50, 70, 90 ஆகியவற்றை எண்களாக எடுப்பதில்லை, வெறும் பெயர்களாகவே எடுக்கும். போக்குக் கோட்டைக் கணிக்கும்போது அவற்றுக்குப் பதிலாக 1, 2, 3, 4, 5 என்று வைத்துக்கொள்ளும். அதனால்தான் படித்திறன் அப்படி.

உங்கள் கண்ணில் பட்ட முறிவுக்கும் இதுதான் காரணம். 50 வரை இடைவெளி 10, அதற்குப் பிறகு 20. ஆனால் அச்சில் எல்லாம் ஒரே இடைவெளியில் நிற்கும். கோடு சரியாக 50இல் முறிந்து மேலே ஏறும். அடிக்கோலை அச்சில் வைத்து 40க்கும் 50க்கும் இடையில் எவ்வளவு, 50க்கும் 70க்கும் இடையில் எவ்வளவு என்று அளந்து பாருங்கள்.

கோண்டாவில்_மாணவி, 8:41
அளந்தேன். இரண்டும் ஒன்றுதான்!!

வடமராட்சி_மூத்தவர், 8:47
அது இருக்கட்டும். ஆரையை விட்டதாலும் பிழை வரும். நான் சொன்னதை யாரும் மறுக்கவில்லை.

பழைய_ஆய்வுகூடம், 8:59
ஐயா, ஆரையை விட்டால் பிழை வரும் என்பது உண்மை. ஆனால் எல்லா நீளத்திலும் ஒரே அளவுதான் குறையும், ஆகவே கோடு அப்படியே நகருமே தவிரச் சாய்வு மாறாது. வெட்டுத்துண்டில்தான் அது தெரியும். 1 சென்ரிமீற்றர் விட்டிருந்தால் T² அச்சில் 0.04 அளவில் வெட்டவேண்டும். இந்த ஐந்து புள்ளிகளுக்கும் சரியான அச்சில் கோடு போட்டுப் பார்த்தேன், வெட்டுத்துண்டு 0.003தான். ஆரையைச் சேர்த்துத்தான் அளந்திருக்கிறா.

காற்றுத் தடையும் இல்லை. காற்று g-ஐ 65 ஆக்காது. அந்த வசனத்தை எடுக்கச் சொல்லுங்கள்.

வடமராட்சி_மூத்தவர், 9:06
கையால் வரைபுத்தாளில் வரைந்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திராது. அச்சுக்கு அளவிடையைத் தெரிவுசெய்வது யார்? மாணவர். எக்செல் இல்லை.

சுன்னாகம்_தம்பி, 9:10
அதில் ஐயா சொல்வது சரி. பரீட்சையில் எங்களுக்கு வரைபுத்தாள்தான் தருகிறார்கள்.

கொக்குவில்_அக்கா, 9:15
கையால் வரைந்தவர்களும் 50க்கு அடுத்த பெரிய சதுரத்தில் 70ஐப் போட்டதை நான் திருத்திய கொப்பிகளில் கண்டிருக்கிறேன். தாளோ கணினியோ, அச்சைப் பார்க்காவிட்டால் ஒன்றுதான்.

எனக்கு வேறொரு கேள்வி. சேர் தெளிவை மட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். g-ஐத் திரும்பக் கணித்துக் கொடுப்பது கருத்து எழுதுபவரின் வேலையா? நான் என்றால் அச்சின் இடைவெளியைக் காட்டிவிட்டு நிறுத்துவேன். 9.76ஐ அந்தப் பிள்ளையே கண்டுபிடிக்கவேண்டும்.

பழைய_ஆய்வுகூடம், 9:28
எண்ணைக் கொடுக்கவேண்டாம், சரி. ஆனால் வகை பிழை என்று சொல்லாமல் விட்டால் அவ இரவிரவாகக் கணக்கைத் தேடிக்கொண்டிருப்பா. அச்சு பொய் சொன்னால் அது தெளிவின் குறைதான். என்னுடைய எண்ணம் இது.

தங்கச்சி, இடத்தைச் சுட்டி, கண்டதைச் சொல்லி, கேள்வியாக எழுதுங்கள். மாதிரிக்கு:

"உரு 1: கிடையச்சில் 40–50 இடைவெளியும் 50–70 இடைவெளியும் ஒரே நீளத்தில் இருக்கின்றன. அதனால் கோடு 50இல் முறிந்ததுபோல் தெரிகிறது. வரைபின் வகை `Line` ஆக இருக்கிறதா? `Change Chart Type` போய் `Scatter` ஆக்கி, படித்திறனைத் திரும்பப் பாருங்கள். நீளத்தை மீற்றரில் எடுங்கள்."

அட்டவணைக்கு: "நீளம் எந்த அலகு? T² நிரலில் ஓரிடத்தில் நான்கு தசமதானமும் ஓரிடத்தில் ஆறும் வருகின்றன. நேரத்தை 0.1 செக்கனுக்கு அளந்திருப்பதால் எல்லாவற்றையும் மூன்று தசமதானத்தில் நிறுத்தலாம். 20 அலைவுக்கான நேரம் ஒருமுறை எடுத்ததா, சராசரியா? சராசரி என்றால் தனி வாசிப்புகளையும் காட்டுங்கள்."

"வரைபு தெளிவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். அதைப் படித்து அவவால் ஒன்றும் செய்யமுடியாது.

கொக்குவில்_அக்கா, 9:36
`Scatter` என்று பெயரே சொல்லிவிட்டீர்கள், பிறகு கண்டுபிடிக்க என்ன மிச்சம்? நான் இன்னும் உடன்படவில்லை. ஆனால் அட்டவணைக்கு எழுதியது நன்றாக இருக்கிறது.

மருதனார்மடம்_கெமி, 9:40
தனி வாசிப்புகள் பற்றி எழுதியதைத்தான் நானும் சொல்லவந்தேன். சராசரியை மட்டும் போட்டால் எது விலகிய வாசிப்பு என்று யாருக்கும் தெரியாது.

வடமராட்சி_மூத்தவர், 9:52
அச்சுகளில் அலகு எழுதியிருக்கிறாவா என்று யாரும் கேட்கவில்லை.

கோண்டாவில்_மாணவி, அடுத்த நாள் மதியம் 12:17
எழுதவில்லை ஐயா, அதையும் சேர்த்துக் கொடுத்தேன். g 9.76 வந்ததாம். 20 அலைவை ஒருமுறைதான் எடுத்தாளாம், அதனால் திரும்ப ஆய்வுகூடத்துக்குப் போகிறாள். வகுப்பு தொடங்குகிறது, பிறகு வருகிறேன்.