1011 டிடெக்டர்: மீலி 3 எண்ணுகிறது, மூர் 1 எண்ணுகிறது, எது சரி?

லேப்_பேட்ச்_3

நாளை மறுநாள் லேப் பரீட்சை, அவசரம். 1011 டிடெக்டரை மீலி, மூர் இரண்டு விதமாகவும் வெரிலாக்கில் எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டேன். இரண்டுக்கும் ஒரே இன்புட்தான் கொடுக்கிறேன். மீலி 3 தடவை வந்ததாகச் சொல்கிறது, மூர் 1 என்கிறது. மீலிதான் சீக்கிரம் காட்டும் என்று வகுப்பில் சொன்னார்கள், அதனால் மூரில்தான் ஏதோ தப்பு என்று நினைக்கிறேன். ஸ்டேட் டயகிராமை மூன்று தடவை சரிபார்த்தாயிற்று. யாராவது சொல்லுங்களேன்.

தகரடப்பா

என்ன இன்புட் கொடுத்தாய்? ஓவர்லாப் உண்டா இல்லையா? கோட் எங்கே? பார்க்காமலே ஒரு ஊகம் சொல்கிறேன், கேஸில் டிஃபால்ட் எழுதாமல் விட்டிருப்பாய், லாட்ச் விழுந்திருக்கும். பத்துக்கு எட்டு பேருக்கு அதுதான்.

சால்டர்_புகை

எனக்கும் இதே பிரச்சினை வந்தது தம்பி. போர்டில் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் கவுண்டர் நாலைந்து ஏறிவிடும். பட்டன் துள்ளுவதுதான் காரணம். இருபது மில்லி செகண்ட் டிலே வைத்துப் பார், சரியாகிவிடும்.

லேப்_பேட்ச்_3

பட்டன் எல்லாம் இல்லை அண்ணா, சிமுலேஷன் மட்டும்தான். இன்புட் 101011011. ஓவர்லாப் வேண்டும், சொல்ல மறந்துவிட்டேன். டிஃபால்ட் இருக்கிறது. மீலியில் முக்கியமான வரிகள்:

```verilog
S3: next = x ? S1 : S2;
assign z = (state == S3) & x;
always @(posedge z) count <= count + 1;
```

மூரில்:

```verilog
S3: next = x ? S4 : S2;
S4: next = S0;
assign z = (state == S4);
```

கவுண்டர் அதேதான்.

கிளாக்_தாத்தா

அவுட்புட்டையே கிளாக்காக மாட்டியிருக்கிறாய். இதற்குமேல் எதைப் படிக்க? இந்தத் தவறைச் செய்யாத மூன்றாமாண்டு மாணவனை நான் இன்னும் பார்க்கவில்லை. மீலி 1955இல் எழுதினார், மூர் 1956இல் எழுதினார், இத்தனை வருஷம் கழித்தும் டயகிராமை வரைந்தவுடன் வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். அவுட்புட்டை ஒரு ஃபிளாப்பில் போட்டு அனுப்பு. முடிந்தது.

தகரடப்பா

தாத்தா, அவன் கேட்டது மூர் ஏன் 1 என்று. அதைச் சொல்லாமல் வருஷம் சொல்கிறீர்களே. தம்பி, S4இலிருந்து S0 போகக் கூடாது, அதுதான் உன் தப்பு. ஓவர்லாப் வேண்டாம் என்றால் S0 சரி. வேண்டும் என்றால் மாற்ற வேண்டும்.

ஃபிளாப்_அக்கா

தகரடப்பா சொன்னதில் முதல் பாதி சரி, ஓவர்லாப் இல்லை என்றால் S0 சரி என்பது தப்பு. S4இல் நிற்கும்போதும் ஒரு பிட் உள்ளே வந்துகொண்டுதான் இருக்கிறது. இன்புட்டைப் பார்க்காமல் S0 போனால் அந்தப் பிட்டை விழுங்கிவிடுகிறோம். 10111011 கொடுத்துப் பாருங்கள், ஓவர்லாப் இல்லாமலே இரண்டு வர வேண்டும். ஐந்தாவது பிட்டான 1 விழுங்கப்பட்டால் மிச்சம் 011தான், ஒன்றோடு நின்றுவிடும். ஓவர்லாப் வேண்டாத மூரிலும் அந்த வரி `x ? S1 : S0` என்றுதான் இருக்க வேண்டும்.

ஓவர்லாப் வேண்டும் என்றால், 1011 முடிந்த இடத்தில் கையில் இருப்பது கடைசி 1 மட்டும். அடுத்து 0 வந்தால் 10 ஆகிறது, அது S2. அடுத்து 1 வந்தால் பழையபடி ஒரு 1தான், அது S1. அதாவது S4க்கு அடுத்த இடங்கள் S1க்கு உள்ள அதே இடங்கள். அந்த வரியை அப்படியே நகல் எடுத்துப் போடு:

```verilog
S4: next = x ? S1 : S2;
```

உன் இன்புட்டில் சரியான விடை 2. ஆறாவது பிட்டில் ஒன்று, ஒன்பதாவது பிட்டில் ஒன்று. அதனால் உன் மீலி, மூர் இரண்டுமே தப்பு. மூர் ஏன் 1 என்றது என்று தெரிந்துவிட்டது. மீலி ஏன் 3 என்றது என்பதுதான் சுவாரசியமானது. டெஸ்ட்பெஞ்சில் x எப்போது மாறுகிறது, அதைக் காட்டு.

லேப்_பேட்ச்_3

நன்றி அக்கா. டெஸ்ட்பெஞ்ச்:

```verilog
for (i = 8; i >= 0; i = i - 1)
  @(negedge clk) x = data[i];
@(negedge clk) $finish;
```

சீனியர் ஒருவர் நெகட்டிவ் எட்ஜில் கொடுத்தால் ரேஸ் வராது என்றார், அதனால்தான்.

ஃபிளாப்_அக்கா

சீனியர் சொன்னது சரிதான், அதை மாற்றாதே. வேவ்ஃபார்மைத் திறந்து மூன்றாவது பாசிட்டிவ் எட்ஜில் போய் நில். அதுவரை வந்தது 101. அந்த எட்ஜில் ஸ்டேட் S2இலிருந்து S3க்குப் போகிறது. ஆனால் x இன்னும் மாறவில்லை, மூன்றாவது பிட்டான அதே 1தான் அடுத்த நெகட்டிவ் எட்ஜ் வரை அங்கே நிற்கிறது. இப்போது உன் அசைன் வரியைப் படி: ஸ்டேட் S3, x 1. உடனே z மேலே ஏறிவிடுகிறது. நாலாவது பிட்டே வரவில்லை, மூன்றாவது பிட்டை இரண்டு தடவை பார்த்துவிட்டு 1011 வந்துவிட்டது என்கிறது. அரை கிளாக் கழித்து நாலாவது பிட்டான 0 வருகிறது, z இறங்கிவிடுகிறது. ஆனால் `posedge z` ஏற்கெனவே எண்ணிவிட்டது. அந்தப் பொய்த் துடிப்புதான் உன் மூன்றாவது.

ஐந்தாவது எட்ஜுக்குப் பிறகும் இதேதான் நடக்கிறது. ஆனால் அடுத்த பிட் 1 என்பதால் z இறங்காமல் ஆறாவது எட்ஜ் வரை நிற்கிறது, அதனால் கணக்கில் தப்பு தெரிவதில்லை. 1011ஐ மட்டும் போட்டுச் சோதித்தால் இந்தக் கோளாறு கண்ணிலேயே படாது. 1010 போட்டால்தான் மாட்டும். உன் அதிர்ஷ்டம், இன்புட் 1010 என்று ஆரம்பித்தது.

மீலி மெஷின் தப்பு செய்யவில்லை. அதன் அவுட்புட்டுக்கு அர்த்தம் இருப்பது x நிலைபெற்ற பிறகு, அடுத்த கிளாக் எட்ஜுக்குச் சற்று முன்னால்தான். அந்த எட்ஜில் மட்டும் பார்க்க வேண்டும், நடுவில் ஏறுவதையும் இறங்குவதையும் கண்டுகொள்ளக் கூடாது:

```verilog
always @(posedge clk) if (z) count <= count + 1;
```

மூரில் z ஸ்டேட்டைப் பொறுத்தது மட்டும்தானே, x ஆடினாலும் அது ஆடாது. அதனால்தான் அதே தப்பான கவுண்டர் அங்கே உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

தகரடப்பா

இதற்கு இத்தனை எதற்கு? டெஸ்ட்பெஞ்சில் x-ஐ பாசிட்டிவ் எட்ஜிலேயே `<=` போட்டு மாற்றினால் ஸ்டேட்டும் x-உம் ஒரே நேரத்தில் மாறும், அந்தத் துடிப்பே வேவ்ஃபார்மில் இருக்காது. நான் அப்படித்தான் செய்வேன்.

ஃபிளாப்_அக்கா

வேவ்ஃபார்மில் இருக்காது, சர்க்யூட்டில் இருக்கும். நிஜத்தில் ஸ்டேட் ஃபிளாப் மாறிய அதே நொடியில் வெளியிலிருந்து x வந்து சேரும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது? பொய்த் துடிப்பை மறைத்துவிட்டு போர்டில் ஏற்றினால் அங்கே அகப்படும். சிமுலேஷனில் தெரிந்தது நல்லது என்று நினைத்துக்கொள்.

சால்டர்_புகை

அப்படியானால் என் போர்டில் நாலைந்து ஏறியதும் இதுதானோ? நான் மூன்று நாள் பட்டனோடு மல்லுக்கட்டினேன்.

ஃபிளாப்_அக்கா

பட்டனை அழுத்தினால் ஏறியது என்றால் பெரும்பாலும் பட்டன்தான் அண்ணா. டிலே வைத்த பிறகும் ஏறுகிறதா என்று பாருங்கள்.

கிளாக்_தாத்தா

நான் முதலிலேயே சொன்னேன், ஃபிளாப்பில் போடு என்று. மீலி அவுட்புட்டை ஃபிளாப்பில் பிடித்தால் துடிப்பும் இல்லை, சண்டையும் இல்லை. ஸ்டேட்டும் நாலு போதும். மூருக்கு ஐந்து வேண்டும். குறைந்த ஹார்ட்வேர், சுத்தமான அவுட்புட். தொழிலில் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம்.

ஃபிளாப்_அக்கா

தாத்தா, எண்ணிப் பார்ப்போம். நாலு ஸ்டேட்டுக்கு இரண்டு ஃபிளாப், அவுட்புட்டுக்கு ஒன்று, மொத்தம் மூன்று. மூரில் ஐந்து ஸ்டேட்டுக்கு மூன்று ஃபிளாப். மிச்சம் என்ன? நேரமும் அதேதான், ஃபிளாப்பில் போட்டவுடன் மீலி அவுட்புட் ஒரு கிளாக் தள்ளிப்போய் மூர் வரும் அதே இடத்தில் வந்து நிற்கிறது. மீலியின் ஒரே சொத்து அந்த ஒரு கிளாக் முந்துவதுதான், அதை விற்றுவிட்டு மீலி என்ற பெயரை மட்டும் வைத்துக்கொள்வதா?

கிளாக்_தாத்தா

ஃபிளாப் எண்ணிக்கை மட்டுமா ஹார்ட்வேர்? மூரில் z எடுக்க ஸ்டேட்டை டீகோட் செய்ய வேண்டும். அந்த கேட்டில் கிளிட்ச் வரும், பல ஸ்டேட் பிட்டுகள் ஒரே நேரத்தில் மாறும்போது. மூர் என்றால் சுத்தம் என்று எல்லோரும் நம்புவதே தப்பு.

ஃபிளாப்_அக்கா

அதில் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் S0 முதல் S3 வரை 000, 001, 010, 011 என்று வைத்து S4க்கு 100 கொடுத்தால் மேல் பிட்தான் z, டீகோடே வேண்டாம்.

தகரடப்பா

இருங்கள், S4க்கும் S1க்கும் அடுத்த இடங்கள் ஒன்றுதான் என்று மேலே சொன்னீர்கள். S4க்கு 101 கொடுத்தால், கீழ் இரண்டு பிட்டும் S1இன் 01தானே, மேல் பிட் z. தாத்தா சொன்ன ஃபிளாப் போட்ட மீலியும் இதுவும் ஒரே சர்க்யூட் இல்லையா? எதைப் பற்றி இவ்வளவு நேரம் சண்டை?

கிளாக்_தாத்தா

சர்க்யூட் ஒன்றாக இருக்கலாம். எழுதும் விதம் வேறு. வைவாவில் கேட்டால் மீலி என்றுதான் சொல்ல வேண்டும்.

ஃபிளாப்_அக்கா

அந்த ஃபிளாப்பையும் ஸ்டேட்டில் சேர்த்து எண்ணினால் அது மூர்தான். நான் அப்படித்தான் சொல்வேன்.

லேப்_பேட்ச்_3

இரண்டு மாற்றமும் செய்துவிட்டேன். மீலி 2 வந்துவிட்டது! ஆனால் மூர் இன்னும் 1தான். S4 வரியை மாற்றிவிட்டேன், வேவ்ஃபார்மில் z இரண்டு தடவை ஏறுகிறது, கவுண்டர் மட்டும் 1. இப்போது எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

சால்டர்_புகை

ரீசெட் கொடுத்தாயா தம்பி?

ஃபிளாப்_அக்கா

கடைசி வரியைப் பார். ஒன்பதாவது பாசிட்டிவ் எட்ஜில்தான் மூர் S4க்குப் போகிறது, z அந்த எட்ஜுக்குப் பிறகுதான் ஏறும். கவுண்டர் அதைப் பார்க்க பத்தாவது எட்ஜ் வேண்டும். நீ அதற்கு அரை கிளாக் முன்னாலேயே `$finish` போட்டுக் கடையை மூடிவிட்டாய். மீலிக்கு ஒன்பதாவது எட்ஜிலேயே z மேலே இருந்தது, அதனால் அது தப்பித்தது. வகுப்பில் சொன்ன "மீலி சீக்கிரம், மூர் ஒரு கிளாக் தாமதம்" இதுதான், உன் திரையிலேயே இருக்கிறது. அந்தக் கடைசி வரிக்கு முன்னால் இன்னொரு `@(negedge clk);` சேர்.

லேப்_பேட்ச்_3

2, 2. நன்றி அக்கா, ரெக்கார்டு எழுதப் போகிறேன்.

கிளாக்_தாத்தா

ஃபிளாப்பில் போட்டாயா?

தகரடப்பா

தாத்தா, அவன் போயாயிற்று.